மறுபடி நம்ம யூனிட்டுக்கே வரலாமாங்ண்ணா?

வணக்கங்ண்ணா, நல்லா இருக்கீங்களா. நேரா விஷயத்துக்கே வந்துடறேன், நம்ம திருப்பூர் யூனிட்டுக்கே திரும்ப வேலைக்கு வரணும்னு ஆசைப்படறேன்.

பெங்களூர்ல குவாலிட்டில போட்டாங்க, நிறைய கத்துக்கிட்டேன். அங்க துணி ரோல் வந்தா உடனே கட்டிங்குக்கு போகாது, பிரிச்சு தளர்வா மடிச்சு 24 மணி நேரம் அப்படியே போட்டுருவாங்க, பனியன் துணி ரோல்ல இழுபட்டே இருக்கும்ல, வெட்டுனதுக்கு அப்புறம் சுருங்கினா அளவு மொத்தமா போயிரும், நம்மகிட்ட சைடு சீம் முறுக்கிக்கிட்டு வர்றதுல கூட கொஞ்சம் இதனாலதான்னு இப்ப தோணுதுங்ண்ணா. அப்புறம் ஃபைனல் செக்கிங் வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க, தையல் லைன்லயே மணிக்கொருக்க மெஷின் மெஷினா பீஸ் எடுத்துப் பார்ப்பாங்க, ஆல்ட்ரேஷன் அங்கயே நின்னுரும். ஏக்யூஎல் 2.5 படி ஆடிட் பண்றதும் இப்ப எனக்கு கைவந்த வேலை.

இதெல்லாம் நம்ம லைன்ல செஞ்சு பாக்கணும்னு ரொம்ப இருக்கு. கட்டிங் மாஸ்டர்கிட்ட கத்துக்கிட்டதுதான் இன்னைக்கும் எனக்கு சோறு போடுது, அதை மறக்கலைங்ண்ணா.

குவாலிட்டில இடம் இல்லைன்னா கட்டிங்லயே போடுங்க, சம்பளம் நேர்ல பேசிக்கலாம். இங்க ஒரு மாசம் நோட்டீஸ் குடுக்கணும். ஞாயித்துக்கிழமை ஊருக்கு வர்றேன், எப்ப வந்து பாக்கட்டும்னு சொல்லுங்ண்ணா.