கொப்புளம் உண்டாக்கிய ஷூவை மாற்றித் தருமாறு கடைக்கு எழுதிய கடிதம்

அனுப்புநர்
க. செந்தில்குமார்,
தமிழாசிரியர்,
கொழிஞ்சாம்பாறை,
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம், கேரளம்.

பெறுநர்
உரிமையாளர் அவர்கள்,
காலணி விற்பனை நிலையம்,
கடைவீதி, பொள்ளாச்சி.

நாள்: 15.11.2025

பொருள்: 08.11.2025 அன்று வாங்கிய கறுப்புத் தோல் ஷூவின் இடது கால் உட்புறக் குறையால் கொப்புளம் ஏற்பட்டது – ஷூவை மாற்றித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த 08.11.2025 சனிக்கிழமை மாலை தங்கள் கடையில் லேஸ் கட்டும் கறுப்புத் தோல் ஷூ ஒரு ஜோடியை, 8-ஆம் எண் அளவில், ரூ.2,150 கொடுத்து வாங்கினேன். ரசீது எண் 4172. எங்கள் கொழிஞ்சாம்பாறையில் செருப்புக் கடைகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் கோபாலபுரம் சோதனைச்சாவடியைக் கடந்து பொள்ளாச்சிக்கு வந்து வாங்குவது என் தகப்பனார் காலத்திலிருந்தே எங்கள் வீட்டுப் பழக்கம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அணிந்த முதல் ஷூவும் தங்கள் கடையில் வாங்கியதுதான். அந்தப் பழக்கத்தின் உரிமையோடுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் வடகரப்பதி பக்கம் உள்ள ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். நாளின் பெரும்பகுதி நின்றுகொண்டே இருக்கும் வேலை. வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரையிலும், இறங்கிய பிறகு பள்ளி வரையிலும் நடை உண்டு. 10-ஆம் தேதி திங்கட்கிழமை புது ஷூவை முதன்முதலாக அணிந்து சென்றேன். அன்று மதியமே இடது குதிகாலின் பின்புறம் உரசுவது தெரிந்தது. ஷூவை எடுத்துக் கொடுத்த தங்கள் கடைப் பையன், "ரெண்டு நாள் போட்டா தானா இளகிடுங்க சார்" என்று சொல்லியிருந்ததால் பொறுத்துக்கொண்டேன். செவ்வாயன்று தோல் சிவந்து எரிந்தது. புதனன்று மாலை காலுறையைக் கழற்றியபோது ஐம்பது காசு அளவில் ஒரு கொப்புளமும், அதற்குச் சற்றுக் கீழே இன்னொரு சிறிய கொப்புளமும் எழும்பியிருந்தன. வியாழக்கிழமை பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டி அணிந்து பார்த்தேன். பள்ளி விடுவதற்குள் பெரிய கொப்புளம் உடைந்து, காலுறையோடு தோல் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு அந்த ஷூவை நான் அணியவில்லை. ஆக, அதைப் போட்டு நடந்தது மொத்தம் நான்கே நாட்கள்.

புது ஷூ என்றால் கொஞ்சம் கடிக்கத்தான் செய்யும் என்று தாங்கள் கருதலாம். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் இரண்டு கால்களும் அதே நான்கு நாட்கள், அதே தூரம், ஒரே வகைக் காலுறையில்தான் நடந்திருக்கின்றன. அப்படியிருந்தும் வலது காலில் ஒரு கீறல்கூட இல்லை. அளவு தவறாக இருந்தால் விரல் நுனியிலோ பக்கவாட்டிலோ அழுத்தம் தெரிந்திருக்கும், அல்லது குதிகால் ஷூவுக்குள் நழுவியிருக்கும். இரண்டும் இல்லை. மேலும், பல ஆண்டுகளாக நான் 8-ஆம் எண்ணையே அணிந்து வருகிறேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தருகே செருப்புத் தைக்கும் பெரியவரிடம் ஷூவைக் காட்டினேன். அவர் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்த உடனேயே கோளாறு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டார். குதிகால் பகுதி விறைப்பாக நிற்பதற்காக மேல்தோலுக்கும் உள்துணிக்கும் நடுவில் ஒரு கெட்டி அட்டை வைக்கிறார்கள் அல்லவா, இடது ஷூவில் அதன் மேல் விளிம்பு மடங்கிப் போய், தையலுக்கு உள்பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதன் மேல் ஒட்டிய உள்துணியும் அந்த இடத்தில் சுருங்கி ஒரு வரப்பு போல எழும்பியிருக்கிறது. கொப்புளம் வந்த இடமும் அந்த வரப்பும் மிகச் சரியாகப் பொருந்துகின்றன. வலது ஷூவில் அதே இடம் வழவழப்பாக இருக்கிறது. தாங்களே இரண்டிலும் மாறி மாறி விரலை விட்டுப் பார்த்தால் ஒரு நொடியில் வித்தியாசம் தெரியும். இது நாள்பட்டு இளகக்கூடிய தோல் அல்ல. தைக்கும்போதே நேர்ந்துவிட்ட பிழை.

எனக்கு ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன். மற்றவர்களுக்கு நாலைந்து நாளில் ஆறிவிடும் கொப்புளம், என் போன்றவர்களுக்கு எளிதில் ஆறாத புண்ணாகிவிடக் கூடும். நேற்று மருத்துவரிடம் காட்டியபோது, புண்ணைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்திருக்கும்படியும், அந்த ஷூவைத் திரும்பவும் அணியக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்போது திறந்த செருப்பு அணிந்துதான் பள்ளிக்குச் செல்கிறேன். இரக்கத்தை எதிர்பார்த்து இதை எழுதவில்லை. "கொஞ்ச நாள் போட்டுப் பாருங்கள்" என்ற யோசனையை ஏன் என்னால் ஏற்க முடியாது என்பதைத் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நேற்று மாலை தொலைபேசியில் அழைத்தபோது, எடுத்துப் பேசியவர், "போட்டு நடந்ததை மாற்றித் தருகிற வழக்கம் இல்லை" என்று கூறி வைத்துவிட்டார். அளவோ நிறமோ பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பவருக்கு அந்தப் பதில் பொருந்தும். உள்ளே மறைந்திருக்கும் தையல் பிழையை நடந்து பார்க்காமல் எப்படி அறிய முடியும்? கடையில் விரிப்பின் மேல் பத்தடி நடந்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தங்கள் ஊழியருக்கும் தெரியவில்லை. தங்கள் ரசீதில் மாற்றித் தருவதற்கான காலக்கெடு எதுவும் அச்சிடப்படவில்லை. அவ்வாறு குறிப்பிடப்படாதபோது, குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. கடை தமிழ்நாட்டில் இருந்தாலும் நான் குடியிருக்கும் பாலக்காடு மாவட்ட ஆணையத்திலேயே முறையிட அதே சட்டம் இடம் தருகிறது. அந்த அளவுக்குப் போக எனக்குச் சிறிதும் விருப்பமில்லை. கடையில் ஆள் மாறியிருக்கலாம், என் அழைப்பு தங்கள் காதுக்கு வராமலே போயிருக்கலாம் என்று எண்ணித்தான் நேராகத் தங்களுக்கே எழுதுகிறேன்.

எனவே, இந்த ஜோடியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, இதே வகையில் இதே அளவில் வேறொரு ஜோடியைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதே சரக்கில் வந்த மற்ற ஜோடிகளிலும் இந்தக் கோளாறு இருக்க வாய்ப்புண்டு என்பதால், குதிகால் பகுதியைத் தடவிப் பார்த்த பின்பே பெற்றுக்கொள்வேன். அது சரியாக அமையாவிட்டால் வேறு வகையை எடுத்துக்கொள்கிறேன். விலை கூடுதலாக இருந்தால் மிகுதியை நான் கட்டிவிடுகிறேன். இரண்டுக்கும் வழியில்லை என்றால் ரூ.2,150-ஐத் திருப்பித் தந்தால் போதும். உள்ளே தட்டிச் சரிசெய்தோ மெத்தை ஒட்டியோ தருவதை மட்டும் ஏற்க இயலாது. பஞ்சு வைத்தே புண் பெரிதான அனுபவம் எனக்கு இருக்கிறது.

ஷூவைத் துடைத்து, அது வந்த பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருக்கிறேன். 22.11.2025 சனிக்கிழமை காலை 11 மணியளவில் அதை எடுத்துக்கொண்டு நேரில் வருகிறேன். அன்று தாங்கள் கடையில் இருப்பீர்களா என்பதை, ரசீதில் எழுதிக்கொண்ட என் கைப்பேசி எண்ணுக்கு முன்னதாகத் தெரிவித்தால் ஒரு நாள் பயணம் வீணாகாது. அடுத்த மாதம் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடக்கவிருக்கிறது. அந்தப் பணிக்கு அழைப்பு வந்தால் நாள் முழுவதும் ஷூவோடு இருக்க நேரிடும் என்பதால், அதற்குள் இதை முடித்துத் தர அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. செந்தில்குமார்

இணைப்பு: ரசீதின் நகல், இரண்டு ஷூக்களின் உட்புறத்தையும் காட்டும் ஒளிப்படங்கள், இடது குதிகாலின் ஒளிப்படம், மருத்துவரின் சீட்டு நகல்.