தனிம வரிசை அட்டவணைப் போக்குகள்: ஒரே பக்கத்தில் காரண வரைபடம்

அம்புக்குறிகளை மனப்பாடம் செய்தால் பாதிக் கேள்விகளுக்குச் சரியாக விடை வரும். "நைட்ரஜனைவிட ஆக்சிஜனுக்கு அயனியாக்கும் ஆற்றல் ஏன் குறைவு?" என்று கேட்டதும் அம்பு கைவிட்டுவிடும். அதனால் இந்த வரைபடத்தில் அம்புகளுக்கு முன்னால் கேள்விகள் நிற்கின்றன. பண்பு எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்: வெளிக்கூட்டு எலக்ட்ரானை அணுக்கரு எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது?

மூன்று கேள்விகள் (இதே வரிசையில் கேட்கவும்)

கே1. எலக்ட்ரான் எத்தனையாவது கூட்டில் இருக்கிறது? கூட்டு எண் n கூடினால் தொலைவு கூடும். கவர்ச்சி விசை தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால் பிடி சட்டென்று தளரும்.

கே2. கூடு ஒன்றேயானால், அந்த எலக்ட்ரான் உணரும் செயலுறு அணுக்கரு மின்சுமை எவ்வளவு? Zeff = Z − S. இங்கே S என்பது மற்ற எலக்ட்ரான்களின் மறைப்பு. உள்கூட்டு எலக்ட்ரான்கள் நன்றாக மறைக்கும். ஒரே கூட்டில் பக்கத்தில் இருப்பவை அரைகுறையாகத்தான் மறைக்கும்.

கே3. கூடும் ஒன்றாகி Zeff-உம் அருகருகே இருந்தால், எலக்ட்ரான் எந்த ஆர்பிட்டாலில் இருக்கிறது? தனியாகவா, ஜோடியாகவா? விதிவிலக்குகளில் பெரும்பாலானவை இங்கே பிறக்கின்றன.

ஸ்லேட்டர் விதியால் கே2-ஐ எண்ணாக்கலாம். ns, np எலக்ட்ரானுக்கு, அதே கூட்டில் உள்ள மற்ற ஒவ்வொரு எலக்ட்ரானும் 0.35, ஒரு கூடு உள்ளே இருப்பது 0.85, அதற்கும் உள்ளே இருப்பது 1.00 மறைக்கும்.

```
Na : 11 − (8×0.85 + 2×1.00)          = 2.2
Cl : 17 − (6×0.35 + 8×0.85 + 2×1.00) = 6.1
K  : 19 − (8×0.85 + 10×1.00)         = 2.2
```

Na-விலிருந்து Cl வரை கூடு மாறவில்லை. Zeff மட்டும் 2.2-லிருந்து 6.1 ஆகிறது. வலப்பக்கம் போகப் போகப் பிடி இறுகுவதன் காரணம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் இருக்கிறது. இப்போது Na-வையும் K-வையும் பாருங்கள்: இரண்டும் 2.2. "தொகுதியில் கீழே போனால் Zeff குறையும், அதனால் அணு பெரிதாகும்" என்று எழுதுவதுதான் விடைத்தாள்களில் அடிக்கடி வரும் பிழை. Zeff குறைவதில்லை. கூடு ஒன்று கூடியதால் தொலைவு வென்றுவிடுகிறது. கே1-ஐ முதலில் வைத்ததற்கு இதுவே காரணம்.

வரைபடம்

| பண்பு | வரிசையில் வலமாக | தொகுதியில் கீழாக | காரணச் சங்கிலி |
|---|---|---|---|
| அணு ஆரம் | குறையும் (Na 166 → Cl 102 பிகோமீட்டர்) | கூடும் (Li 128 → Cs 244) | வலம்: n மாறாது → Zeff கூடும் → எலக்ட்ரான் மேகம் சுருங்கும். கீழ்: n கூடும் → மேகம் விரியும் |
| முதல் அயனியாக்கும் ஆற்றல் | பொதுவாகக் கூடும் (Na 496 → Ar 1521 கிலோ ஜூல்/மோல்) | குறையும் (Li 520 → Cs 376) | பிடி இறுகினால் பிடுங்க அதிக ஆற்றல்; தளர்ந்தால் குறைவு |
| எலக்ட்ரான் நாட்டம் | 17-ஆம் தொகுதியை நோக்கிக் கூடும், சீராக அல்ல | பொதுவாகக் குறையும் (Cl 349 → I 295) | புதிய எலக்ட்ரான் இறங்கும் இடத்தில் Zeff எவ்வளவு, இடநெருக்கடி எவ்வளவு |
| எலக்ட்ரான் கவர்திறன் | கூடும் (Na 0.93 → Cl 3.16) | குறையும் (F 3.98 → I 2.66) | பிணைப்பு எலக்ட்ரான் உணரும் Zeff, அது இருக்கும் தொலைவு |
| உலோகத் தன்மை | குறையும் | கூடும் | அயனியாக்கும் ஆற்றல் குறைவு → எலக்ட்ரானை எளிதில் இழக்கும் |

கடைசி வரியிலிருந்து ஆக்சைடுகளுக்கு ஒரு கிளை போகிறது. E–O–H என்ற அமைப்பில் E எலக்ட்ரானைத் தளர்வாகப் பிடித்தால் E–O பிணைப்பு பிரிந்து OH⁻ வெளியேறும்: காரம். இறுக்கமாக இழுத்தால் O–H பிணைப்பு பலவீனமாகி H⁺ வெளியேறும்: அமிலம். ஆகவே Na₂O காரத்தன்மை கொண்டது, Al₂O₃ ஈரியல்பு கொண்டது, SO₃ அமிலத்தன்மை கொண்டது.

அயனி ஆரத்தைத் தனி வரியாகப் பழக வேண்டாம். சம எலக்ட்ரான் அயனிகளில் S கிட்டத்தட்ட ஒன்றே. Z மட்டும் மாறுகிறது. பத்து எலக்ட்ரான் கொண்ட தொடர்: O²⁻ 140, F⁻ 133, Na⁺ 102, Mg²⁺ 72, Al³⁺ 53.5 பிகோமீட்டர். புரோட்டான் 8-லிருந்து 13 ஆகும்போது அதே பத்து எலக்ட்ரான்கள் உள்ளே இழுக்கப்படுகின்றன.

போக்கு உடையும் இடங்கள்

*முதல் அயனியாக்கும் ஆற்றல், Be 899 → B 801.* கே3. B-யில் வெளியேறுவது 2p எலக்ட்ரான். அது 2s-ஐவிட அதிக ஆற்றலில் இருக்கிறது, அணுக்கருவுக்கு அருகே குறைவாக ஊடுருவுகிறது, 2s அதை ஓரளவு மறைக்கவும் செய்கிறது. Mg 738 → Al 578 என்பதும் இதே கதைதான், 3s–3p-யில்.

*N 1402 → O 1314.* O-வின் நான்காவது 2p எலக்ட்ரான் ஏற்கெனவே ஒன்று இருக்கும் ஆர்பிட்டாலுக்குள் ஜோடியாக நுழைகிறது. விலக்கு விசை கூடுகிறது, பிடுங்குவது எளிதாகிறது. "N சரிபாதி நிரம்பிய நிலைத்தன்மையை விரும்புகிறது" என்ற வாக்கியம் பாதி விடைதான். எலக்ட்ரானுக்கு விருப்பம் கிடையாது. விலக்கு எங்கே கூடியது என்று எழுதினால்தான் காரணம் முழுமை பெறும். P 1012 → S 1000 என்பதில் சரிவு சிறியது: 3p மேகம் பெரியது, நெருக்கடி குறைவு.

*F 328, Cl 349.* மேலே இருக்கும் F-க்கு எலக்ட்ரான் நாட்டம் அதிகமாக இருக்க வேண்டுமே? அதன் 2p கூடு மிகச் சிறியது. வரும் எலக்ட்ரான் ஏழு எலக்ட்ரான்களின் விலக்கைச் சந்திக்கிறது. O 141, S 200 என்பதும் இப்படியே. ஆனால் F₂ அதிக வினைத்திறன் கொண்டது என்பதை இந்த எண்ணால் விளக்க முயன்றால் சங்கிலி அறும். அங்கே பலவீனமான F–F பிணைப்பும் (158 கிலோ ஜூல்/மோல், Cl–Cl 242) சிறிய F⁻ உருவாக்கும் வலுவான பிணைப்புகளும்தான் பேசுகின்றன.

*Al 578, Ga 579.* தொகுதியில் கீழே போயும் குறையவில்லை. இடையில் பத்து 3d எலக்ட்ரான்கள் புகுந்திருக்கின்றன. d எலக்ட்ரான்கள் மோசமாக மறைப்பவை. Zeff கூடியதால் கே1-இன் விளைவு சமன்செய்யப்பட்டுவிட்டது. 4f இன்னும் மோசம்: Zr⁴⁺ 72, Hf⁴⁺ 71 பிகோமீட்டர். இது லாந்தனைடு குறுக்கம். இவ்விரு தனிமங்களையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது கடினமாக இருப்பதற்கு இதுவே மூலம்.

தொடர் அயனியாக்கத்துக்கு இதே வரைபடம்

Mg: 738, 1451, 7733. முதல் இரண்டும் 3s. மூன்றாவதற்கு 2p கூட்டை உடைக்க வேண்டும். கே1 விடை மாறியது, எண் ஐந்து மடங்குக்கு மேல் தாவியது. பெரிய தாவலுக்கு முன் எத்தனை எலக்ட்ரான் போயிருக்கிறதோ அதுவே வெளிக்கூட்டு எலக்ட்ரான் எண்ணிக்கை. தெரியாத தனிமத்தின் தொகுதியைக் கண்டுபிடிக்கும் கணக்குகளுக்கு இது போதும்.

எங்கே இந்த வரைபடத்தை நீட்டக் கூடாது

Li-இன் அயனியாக்கும் ஆற்றல் அதன் தொகுதியின் உலோகங்களில் மிக அதிகம். ஆனால் நீர்க்கரைசலில் அதன் திட்ட ஒடுக்க மின்னழுத்தம் −3.04 V, தொகுதியிலேயே மிக எதிர்மறையானது. தனி அணுவைப் பற்றிய இந்த வரைபடத்தில், சிறிய Li⁺ நீரேறும்போது வெளியாகும் ஆற்றல் இல்லை. உருகுநிலையும் அப்படியே. Na 98, Si 1414, P₄ 44 °C என்று ஏறி இறங்குவதற்குக் காரணம் உலோகப் பிணைப்பு, பெரும் சகப்பிணைப்பு வலை, தனித்த மூலக்கூறு என்ற அமைப்பு மாற்றம். அதை Zeff-ஐ வைத்து விளக்கினால் மதிப்பெண் போகும்.