மேகத்திலிருந்து மழை

மேல்வகுப்புப் பாடத்தில் இருக்கும் பத்தி:

புவிப்பரப்பில் ஆவியாகும் நீர், மேலெழும் காற்றுடன் உயர்கிறது. உயரம் கூடுகையில் வளிமண்டல அழுத்தம் குறைவதால் காற்று விரிவடைந்து குளிர்கிறது. பனிநிலையை அடைந்ததும் நீராவி நுண்துகள்களின் மேல் ஆவி சுருங்கி மேகத்துளிகளாகிறது. துளிகள் மோதி இணைவதாலோ பனிப்படிகங்கள் வளர்வதாலோ மழை பொழிகிறது.

ஐந்தாம் வகுப்புக்கு மாற்றி எழுதியது:

தண்ணீர் கொதிக்கும் கெட்டிலிலிருந்து தள்ளி நின்று அதைக் கவனியுங்கள். அதன் மூக்கை ஒட்டிக் கொஞ்ச இடத்தில் ஒன்றுமே தெரியாது. அதைத் தாண்டித்தான் வெள்ளையாகப் புகை மாதிரி எழும்பும். ஒன்றும் தெரியாத அந்த இடத்தில் இருப்பதுதான் நீராவி. அது கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிவது, நீராவி குளிர்ந்து மறுபடி தண்ணீரான பொடித்துளிகள். மேகமும் நீராவி இல்லை, பொடித்துளிகளின் கூட்டம். மிக உயரத்தில் இருக்கும் மேகங்களில் பனித்துகள்களும் இருக்கும்.

கடலிலும் ஏரியிலும் இருந்து தண்ணீர் ஆவியாக, அது கொதிக்க வேண்டியதில்லை. ஈரத்துணி கொதித்தா காய்கிறது? அப்படி ஆவியான நீர், சூடான காற்றோடு மேலே போகிறது.

மேலே போனால் சூரியனுக்குப் பக்கத்தில் போகிறோமே, சூடு அதிகமாகாதா? ஆகாது. சூரியன் இருக்கும் தூரத்துக்கு முன்னால் இந்த உயரம் ஒன்றுமே இல்லை. மேலே காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் ஏறிவரும் காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. சைக்கிள் டயரிலிருந்து வேகமாக வெளியேறும் காற்று விரலுக்குச் சில்லென்று இருப்பதும் இதனால்தான்.

குளிர்ந்த நீராவி தண்ணீராக மாற, ஒட்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். காற்றில் மிதக்கும் தூசி, புகைத்துகள், கடல் உப்பு ஆகியவைதான் அந்த இடம். அவற்றின் மேல் உருவாகும் துளி ஏறக்குறைய 0.02 மில்லிமீட்டர்தான், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. இவ்வளவு சிறிய துளி மிக மிக மெதுவாகத்தான் இறங்கும். கீழிருந்து வரும் காற்று அதையும் தாங்கிக்கொள்ளும். அதனால்தான் மேகம் விழாமல் நிற்கிறது.

அப்புறம் மழை எப்படி? இரண்டு மேகங்கள் மோதுவதால் மழை வருகிறது என்று சிலர் சொல்வார்கள், அது தவறு. மோதுவது மேகத்துக்குள் இருக்கும் துளிகள். கொஞ்சம் பெரிய துளி வேகமாக இறங்கும். வழியில் அகப்படும் சின்னத் துளிகளைச் சேர்த்துக்கொண்டு இன்னும் பெருக்கும். 2 மில்லிமீட்டர் அகல மழைத்துளி ஒன்றுக்கு ஏறக்குறைய 10 லட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும்! குளிர் மிகுந்த மேகங்களில் வேறு வழியும் உண்டு: நீராவி படிந்து படிந்து பனித்துகள் வளரும், கனத்து விழும், வழியில் உருகி மழையாகும்.

இந்தப் பாடத்துக்குப் படம் வரையும்போது மழைத்துளிக்குக் கூரான தலை போடாதீர்கள். சின்னத் துளி பந்து மாதிரி உருண்டையாக இருக்கும். பெரிய துளி, அடிப்பக்கம் தட்டையான பன் மாதிரி இருக்கும்.