தீபாவளி 2026: நம் கடையின் வேலைக் கணக்கு

கட்டிங் மாஸ்டர் அண்ணனுக்கும், மூன்று மிஷின் அக்காமார்களுக்கும், கொக்கி ஹெம்மிங் பார்க்கும் அக்காவுக்கும், கல்லாவில் ரசீது போடும் பாப்பாவுக்கும். இதைக் கட்டிங் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். கல்லாவிலும் ஒரு நகல் இருக்கும்.

இந்த வருசம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. நமக்குத் தீபாவளி நவம்பர் 6, வெள்ளிக்கிழமை சாயங்காலம். அதற்குள் எல்லா உருப்படியும் கடையை விட்டுப் போயிருக்க வேண்டும். சனிக்கிழமை அன்று, அதுவரை வந்து வாங்காதவர்களுக்குக் கொடுப்பது மட்டும்தான், மதியம் 2 மணிக்குக் கடையைச் சாத்தி விடுவோம். ஊருக்குப் போகிறவர்கள் கோபி பஸ் ஸ்டாண்டில் முட்டி மோதாமல் போய்ச் சேர வேண்டும்.

ஆர்டரை மூன்று தவணையாகப் பிரித்திருக்கிறேன். சிவப்பு டோக்கன் அக்டோபர் 23, மஞ்சள் டோக்கன் அக்டோபர் 30, பச்சை டோக்கன் நவம்பர் 6. மூன்றுமே வெள்ளிக்கிழமை டெலிவரி. ரசீதில் டோக்கன் நிறம்தான் தேதி. "சீக்கிரம் பார்த்துத் தரேங்க" என்று யாரும் வாயால் தேதி சொல்ல வேண்டாம், நானும் சொல்ல மாட்டேன்.

கடைசித் தவணையை டெலிவரியிலிருந்து பின்னால் எண்ணிப் பாருங்கள்:

நவம்பர் 6, வெள்ளி: டெலிவரி.
நவம்பர் 5, வியாழன்: கொக்கி, ஹெம்மிங் பாக்கி, நூல் வெட்டுவது, அயர்ன், ரசீதோடு சேர்த்துக் கவரில் போடுவது.
நவம்பர் 4, புதன்: ஆல்ட்ரேஷன். மூன்று மிஷினும் அதற்கு மட்டுமே.
நவம்பர் 3, செவ்வாய்: டிரையல்.
அக்டோபர் 27 முதல் நவம்பர் 2 வரை: தையல், ஞாயிறு நீங்கலாக ஆறு நாள்.
அக்டோபர் 23, 24, 26: கட்டிங்.
அக்டோபர் 22, வியாழன்: லைனிங் நனைத்துக் காயப் போடுவது.
அக்டோபர் 21, புதன் இரவு: பச்சை டோக்கன் புத்தகம் மூடப்படும்.

மஞ்சளுக்கு டிரையல் அக்டோபர் 27, ஆல்ட்ரேஷன் 28. தையல் 21 முதல் 26 வரை ஐந்து நாள், கட்டிங் 16, 17. லைனிங் 15, புத்தகம் 14 இரவு மூடும்.

சிவப்பு கொஞ்சம் வளைந்து போகும். அக்டோபர் 19 ஆயுத பூசை. அன்று காலையில் துடைத்து எண்ணெய் விடுவதோடு மிஷின் நின்று விடும். சாயங்காலம் மிஷின், கத்திரி, இஞ்ச் டேப், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். 20 விஜயதசமி, காலையில் கும்பிட்டு ஆளுக்கு ஒரு தையல் ஓட்டி விட்டு லீவு. அதனால் சிவப்பு டிரையலை 17 சனிக்கிழமைக்கே கொண்டு வந்திருக்கிறேன். ஆல்ட்ரேஷன் 21, கொக்கியும் அயர்னும் 22. தையல் 12 முதல் 16 வரை. கட்டிங் 8, 9. பத்தாம் தேதி மகாளய அமாவாசை, மாஸ்டர் பவானி கூடுதுறைக்குப் போய் விடுவார், அன்று கட்டிங் கிடையாது. லைனிங் 7, புத்தகம் 6 இரவு.

எத்தனை உருப்படி எடுக்கலாம் என்பதுதான் போன வருசம் வரை குத்துமதிப்பாகப் போனது. இப்போது மிஷின் நாளில் கணக்குப் போட்டிருக்கிறேன். ஒரு மிஷின் ஒரு நாளில் சாதா ஜாக்கெட் 6, லைனிங் ஜாக்கெட் 4, சுடிதார் 3 செட், பட்டுப் பாவாடை சட்டை 3 செட், மாடல் ஜாக்கெட் 2. இது நம் அக்காமார்களின் கை வேகம், அவர்களிடமே கேட்டு எழுதியது. வேறு கடைக்கு இது பொருந்தாது.

சிவப்புக்கு மூன்று மிஷினும் ஐந்து நாளும் சேர்ந்து 15 மிஷின் நாள். மஞ்சளில் 21ஆம் தேதி ஒரு மிஷின் சிவப்பு ஆல்ட்ரேஷனுக்குப் போய்விடும், மிச்சம் 14. பச்சையில் 28ஆம் தேதி அதே மாதிரி ஒன்று போக 17. ஒவ்வொன்றிலும் 2 நாளை ஒதுக்கி வைத்து விட்டேன். பராமரிப்புக்காகப் பகல் பூராவும் கரண்ட் இல்லாத நாள் மாதம் ஒருமுறை வரும், யாருக்காவது காய்ச்சல் வரும், மழையும் இருக்கிறது. ஒதுக்கிய நாளில் ஆர்டர் எடுக்கக் கூடாது. எடுத்தால் அது டிரையல் நாளைத்தான் தின்னும்.

ஆகவே சிவப்பு 13 மிஷின் நாள்: பட்டுப் பாவாடை சட்டை 12 செட், மாடல் ஜாக்கெட் 10, லைனிங் ஜாக்கெட் 16. மஞ்சள் 12: லைனிங் ஜாக்கெட் 28, சுடிதார் 9 செட், மாடல் ஜாக்கெட் 4. பச்சை 15: லைனிங் ஜாக்கெட் 36, சுடிதார் 12 செட், சாதா ஜாக்கெட் 12. பச்சையில் மாடல் ஜாக்கெட் கிடையவே கிடையாது. முதுகில் டிசைன், கையில் பைப்பிங் என்று வரும் உருப்படிக்கு இரண்டாம் முறை போட்டுப் பார்க்க நேரம் வேண்டும், கடைசி வாரத்தில் அது இல்லை. எவ்வளவு வேண்டியவர்கள் கேட்டாலும் சரி.

மாஸ்டர் அண்ணனுக்கு: ஒரு நாளைக்கு 21 உருப்படிக்கு மேல் வெட்ட வேண்டாம், கணக்கும் அப்படித்தான் வருகிறது. வெட்டிய துண்டுகளை உருப்படிக்கு ஒன்றாகக் கட்டி, டோக்கனைக் குத்தி, நூல் நிறம் வாரியாக அடுக்கி வையுங்கள். காட்டன் லைனிங்கை நனைக்காமல் வெட்டாதீர்கள். ஐப்பசி மழையில் ஒரு நாளில் காயாவிட்டால் மாடிக் கொடியிலிருந்து எடுத்து உள்ளே ஃபேனுக்குக் கீழே போட்டு விடலாம். லைனிங்கும் நூலும் மொத்தமாக ஈரோடு ஜவுளிச் சந்தையில் நான் வாங்கி வருகிறேன். என்னென்ன நிறம் என்று புத்தகம் மூடியதும் எழுதிக் கொடுங்கள்.

டிரையல் எல்லாருக்கும் வேண்டாம். அளவு ஜாக்கெட் கொடுத்த பழைய வாடிக்கையாளருக்கு நேரே டெலிவரி. மாடல் ஜாக்கெட், முதல் தடவை வருகிறவர்கள், குழந்தைகளின் பாவாடை சட்டை, இவர்களுக்குக் கட்டாயம். டிரையலுக்குப் போகும் உருப்படியில் கொக்கி வைக்கக் கூடாது, கை முனை ஹெம்மிங் செய்யக் கூடாது, பக்கத்தில் ஒன்றரை இஞ்ச் உள்ளே விட்டிருக்க வேண்டும். பட்டில் பிரித்தால் ஊசித் தடம் தெரியும், அதனால் பக்கத் தையலை முதலில் பெரிய தையலாக ஓட்டி வையுங்கள். குழந்தைகளின் பாவாடையில் கீழே உள்மடிப்பு தாராளமாக இருக்கட்டும், அடுத்த வருசம் பிரித்து இறக்கிக் கொள்வார்கள்.

டிரையல் நேரம் காலை 10 முதல் இரவு 8 வரை. முந்தின நாள் பாப்பா போன் பண்ணிச் சொல்லும். அன்று வராதவர்களின் உருப்படியை எழுதி வைத்த அளவிலேயே முடித்து விடுவோம், அதை ரசீதிலேயே அச்சடித்திருக்கிறேன். அதற்குப் பிறகு வரும் ஆல்ட்ரேஷன் தீபாவளி கழித்துத்தான்.

அக்டோபர் 21க்குப் பிறகும் ஆட்கள் வருவார்கள். திருப்பூர் கம்பெனிகளில் போனஸ் கிடைத்த கையோடு துணி எடுத்துக்கொண்டு வருகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. பாப்பா இப்படிச் சொன்னால் போதும்: "தீபாவளிக்கு முடியாதுங்க அக்கா, பொங்கலுக்குன்னா முதல் ஆளா எழுதிக்கறேனுங்க." ரெடிமேடு சுடிதார் பக்கம் பிடிப்பது, பேண்ட் உயரம் குறைப்பது மாதிரி அரை மணி வேலையை நவம்பர் 2 வரை வாங்கலாம். ஃபால்ஸ் வேலையை நேரே அடுத்த வீதி அம்மாவிடம் அனுப்பி விடுங்கள்.

நவம்பர் 1 ஞாயிறு கணக்கில் இல்லை. அதற்கு முந்தின நாள் இரவு கூடையில் 8 உருப்படிக்கு மேல் தைக்காமல் நின்றால் மட்டும் அரை நாள் வரச் சொல்வேன், அதற்குத் தனிக் கூலி அன்றைக்கே கையில்.