ஊர்தி அலையில் செய்தி எங்கே ஏறியிருக்கிறது? ஏ.எம்., எஃப்.எம். ஒப்பீடு

ஸ்லைடு 1: வெறும் ஊர்தி அலை

```
▄  ▄  ▄  ▄  ▄  ▄  ▄  ▄  ▄  ▄  ▄  ▄  ▄
```

ஒவ்வொரு கம்பும் அலையின் ஒரு முகடு. உயரம்தான் வீச்சு, கம்புகளின் நெருக்கம்தான் அதிர்வெண். இந்த அலையில் இன்னும் செய்தி ஏறவில்லை.

ஸ்லைடு 2: ஏ.எம்.

```
▄  ▅  ▇  █  ▇  ▅  ▄  ▃  ▂  ▁  ▂  ▃  ▄
```

இடைவெளி மாறவில்லை, உயரம் மட்டும் மாறுகிறது. கம்புகளின் தலையைத் தொட்டு ஒரு கோடு இழுங்கள்: ஏற்றிய செய்தி அப்படியே வரும். அந்தக் கோட்டுக்கு உறை என்று பெயர். ஒரு டையோடு, ஒரு மின்தேக்கி, ஒரு மின்தடை இருந்தால் உறையைப் பிரித்தெடுத்துவிடலாம்.

ஸ்லைடு 3: எஃப்.எம்.

```
▄  ▄  ▄ ▄ ▄ ▄ ▄ ▄  ▄  ▄   ▄    ▄    ▄   ▄  ▄
```

உயரம் ஒன்றே. செய்தி அலை உயரும்போது கம்புகள் நெருங்குகின்றன, தாழும்போது விலகுகின்றன.

தேர்வில் பலரும் தடுமாறும் இடம் இது. குரல் எவ்வளவு உரக்க இருக்கிறது என்பது, அதிர்வெண் எவ்வளவு தூரம் விலகும் என்பதைத் தீர்மானிக்கும். குரலின் சுருதி, அந்த விலகல் நொடிக்கு எத்தனை முறை போய்வரும் என்பதைத் தீர்மானிக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எஃப்.எம். படத்தில் உயரத்தையும் ஏற்றி இறக்கி வரைந்தால் விடை தவறு.

ஸ்லைடு 4: படம் மிகைப்படுத்துகிறது

சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸில் 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை ஏற்றினால், ஒரு செய்தி அலைக்குள் 720 கம்புகள் நிற்கும். நாம் வரைந்தது பன்னிரண்டு. எஃப்.எம். படத்தில் மிகை இன்னும் அதிகம்: 101.4 மெகாஹெர்ட்ஸில் பெரும விலகல் 75 கிலோஹெர்ட்ஸ்தான். அதாவது ஆயிரம் கம்பு நிற்கும் இடத்தில் ஒரு கம்புகூட முழுதாகக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத இந்த நெருக்கத்திலிருந்துதான் பாட்டு முழுவதும் வருகிறது!

ஸ்லைடு 5: மின்னல் வெட்டினால்

```
வந்தது:     ▅  ▇  ▅ █ ▆ ▅ █ ▅  ▆   ▇    ▅
வெட்டியபின்: ▄  ▄  ▄ ▄ ▄ ▄ ▄ ▄  ▄   ▄    ▄
```

இரைச்சல் பெரும்பாலும் உயரத்தைத்தான் கெடுக்கும். எஃப்.எம். வாங்கியில் உள்ள லிமிட்டர், தலைகளை ஒரே மட்டத்தில் வெட்டிவிடுகிறது. செய்தி இடைவெளியில் இருப்பதால் பெரிதாகச் சேதமில்லை. ஏ.எம்.மில் வெட்டினால் செய்தியும் சேர்ந்தே போய்விடும். கோடைமழையின்போது 720இல் கேட்கும் கரகரப்புக்குக் காரணம் இதுவே.

ஸ்லைடு 6: கொடுக்கும் விலை

ஏ.எம். பட்டை அகலம் 2fm. இதில் fm என்பது செய்தியின் பெரும அதிர்வெண். 5 கிலோஹெர்ட்ஸ் பேச்சுக்கு 10 கிலோஹெர்ட்ஸ் போதும்.

எஃப்.எம்.முக்கு கார்சன் விதி, Δf என்பது பெரும விலகல்: 2(Δf + fm) = 2(75 + 15) = 180 கிலோஹெர்ட்ஸ்.

திறன்: 100% பண்பேற்றத்திலும் ஏ.எம்.மின் மொத்தத் திறனில் மூன்றில் இரண்டு பங்கு, செய்தியே இல்லாத ஊர்திக்குப் போகிறது. எஃப்.எம்.மில் உயரம் மாறாததால் மொத்தத் திறனும் மாறாது.

ஸ்லைடு 7: நோட்டில் வரையுங்கள்

```
▄    ▄   ▄  ▄ ▄ ▄ ▄ ▄  ▄   ▄    ▄
```

இதில் ஏறியிருக்கும் செய்தி அலையைக் கம்புகளுக்குக் கீழே வரையுங்கள். பிறகு அதே செய்தியை ஏ.எம்.மாக மாற்றிப் பக்கத்தில் வரையுங்கள்.