நேர்காணலின்போது கேட்ட ஆய்வுக் குறிப்பும் கற்பித்தல் திட்டமும்

மண்டபம்
19.06.2025

பெறுநர்: கல்லூரி முதல்வர் அவர்கள், தேர்வுக் குழு ஒருங்கிணைப்பாளர்

பொருள்: தாவரவியல் உதவிப் பேராசிரியர் பணியிடம் – 17.06.2025 நேர்காணல் – ஆய்வுக் குறிப்பு, கற்பித்தல் திட்டம் அனுப்புதல் தொடர்பாக

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். செவ்வாய்க்கிழமை நேர்காணலில் குழுவினர் கேட்டுக்கொண்டபடி என் ஆய்வுக் குறிப்பையும் (3 பக்கம்), முதலாம் ஆண்டு பாசியியல் தாளுக்கான கற்பித்தல் திட்டத்தையும் (5 பக்கம்) இத்துடன் இணைத்துள்ளேன். குழு உறுப்பினர்கள் எல்லோருக்கும் இவற்றை அனுப்பி உதவ வேண்டுகிறேன்.

கோப்புகளை மட்டும் அனுப்பிவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் அன்று நான் சொன்ன இரண்டு பதில்கள் சரியில்லை. அவற்றைத் திருத்தாமல் விட மனம் ஒப்பவில்லை.

முதலாவது கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி பற்றியது. குருசடைத் தீவின் பவளங்கள் மீது அது படர்ந்ததைப் பற்றி வெளியிலிருந்து வந்திருந்த பாட வல்லுநர் கேட்டபோது, "வித்துகள் மிதந்து போய் முளைத்திருக்கும்" என்று சொன்னேன். அது அவசரத்தில் வந்த பதில். 2008-இல் அங்கே பதிவான பரவலை விளக்க வித்து தேவையில்லை. மூங்கில் மிதவையிலிருந்து அறுந்த துண்டு ஒன்று அலையில் போய்ப் பவளக் கிளைக்குள் சிக்கினாலே போதும், அங்கேயே வளர்ந்து மூடிவிடும். வளர்ப்பவர்கள் துண்டுகளைக் கயிற்றில் கட்டித்தானே பயிர் செய்கிறார்கள்? எந்தக் குணத்தால் அது நல்ல பயிராகிறதோ, அதே குணத்தால்தான் பவளத்துக்கு ஆபத்தாகவும் ஆகிறது. இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஊர்ப்பெயர் கேட்டபோது "பெப்சி பாசி" என்றேன், எல்லோரும் சிரித்தார்கள். கரையில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் சிரிப்பதில்லை. முதலில் ஒப்பந்தத்துக்கு வளர்க்கச் சொன்ன நிறுவனத்தின் பெயர் பாசியோடு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

இரண்டாவது, அனுமதி. தீவுகளை ஒட்டி ஆய்வுக் கட்டங்கள் போட வனத்துறை ஒப்புதல் கிடைக்குமா என்று நீங்கள் கேட்டீர்கள். "கிடைத்துவிடும்" என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமில்லாக் கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே கால் வைப்பதற்கே எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், அது எப்போது வரும் என்பது என் கையில் இல்லை. அதனால் ஆய்வுக் குறிப்பை மாற்றி எழுதியிருக்கிறேன். முதல் ஆண்டு வேலை முழுவதும் பூங்காவுக்கு வெளியே, நிலப்பகுதிக் கரையோரப் பாறைகளில் நடக்கும். தீவுப் பகுதி இரண்டாம் ஆண்டில், ஒப்புதல் வந்தால் மட்டும். வராவிட்டாலும் ஆய்வு நின்றுபோகாது.

ஆய்வுக் கேள்வி ஒன்றுதான். மரிக்கொழுந்துப் பாசியை, அதாவது ஜெலிடியெல்லா அசெரோசாவை, எப்படிப் பறித்தால் அது திரும்ப வளரும், எத்தனை நாளில்? அகர் எடுக்கப் பயன்படும் இந்தப் பாசியைச் சின்னப்பாலம், ஏர்வாடிப் பக்கத்துப் பெண்கள் பல்லாண்டுகளாக மூழ்கிப் பறித்து வருகிறார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, அடிவேரை விட்டு நுனியை மட்டும் கிள்ளும் கை ஒரு விதம். அடியோடு சுரண்டும் கை வேறு விதம். முதல் வகையே நல்லது என்று அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். நம்புவதும் அளந்து காட்டுவதும் ஒன்றல்ல. அரை மீட்டர் சதுரக் கட்டங்கள், ஒரு வெப்பநிலைப் பதிவுக் கருவி, ஒரு தராசு, நீர்மூழ்கிக் கண்ணாடி. பெரிய செலவு கிடையாது. 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. அப்படி ஒரு கோடை மறுபடி வந்தால் பாசிக்கு என்ன ஆகிறது என்று பார்க்கவே வெப்பக் கருவி. கட்டுரை வரும்போது, கட்டங்களைக் காட்டித் தந்த பெண்கள் விரும்பினால் அவர்கள் பெயரும் ஆசிரியர் வரிசையில் இருக்கும். வழக்கமான நன்றியுரை வரி போதாது என்பது என் கருத்து. குழுவில் இதற்கு மாற்றுக் கருத்து இருந்தால் கேட்டுக்கொள்ளத் தயார்.

கற்பித்தல் திட்டத்தில் நான் அதிகம் யோசித்தது களப்பயணத்தைப் பற்றி. மண்டபத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு கடல். கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கலங்கிக் குமுறும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கிவிட்டால் அப்படியே தலைகீழ். ஆகவே ஒற்றைப்படைப் பருவத்தில் ஜூலை, ஆகஸ்ட் பயணங்கள் வடகடல் கரைக்கு, அக்டோபருக்குப் பிறகு தென்கடலுக்கு. நாளையும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் குறித்திருக்கிறேன். நம் கடலில் நீர் ஏறி இறங்குவதே கொஞ்சம்தான், அதைத் தவறவிட்டால் பாறை தெரியாது. இதனால் ஒரு சிக்கல் உண்டு: அந்த நாள் எப்போதும் சனிக்கிழமையாக அமையாது. பருவத்துக்கு இரண்டு வேலை நாள்களின் முற்பகல் எனக்கு வேண்டும். மற்றத் துறையினரோடு பேசி ஈடுசெய்து கொள்கிறேன்.

மாணவர்கள் பறிக்க மாட்டார்கள், கரை ஒதுங்கியதை மட்டும் பொறுக்குவார்கள். செத்த பவளத் துண்டைக்கூடப் பையில் போடக் கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. விளையாட்டாக எடுத்த பிள்ளை வழக்கில் நிற்க வேண்டியதில்லை.

உபகரணம் இல்லாத ஆய்வகத்தில் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு அன்று நான் தடுமாறினேன். பதில் திட்டத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. ஒரு தட்டு தண்ணீரில் பாசியை மிதக்கவிட்டு, அடியில் தடித்த தாளை நுழைத்துத் தூக்கி, மேலே மல் துணியும் பழைய செய்தித்தாளும் வைத்துக் கனம் ஏற்றினால் நான்கைந்து நாளில் பதிவுத்தாள் தயார். பாசியில் உள்ள பசையே அதைத் தாளோடு ஒட்டிவிடும். செய்தித்தாளை மட்டும் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பருவம் முடியும்போது ஒவ்வொரு மாணவரிடமும் 15 பதிவுத்தாள்கள், துறையிடம் ஒரு தொகுப்பு. ஒவ்வொரு தாளிலும் அறிவியல் பெயருக்கு மேலே ஊர்ப்பெயர் இருக்கும்: கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப்பாசி. தங்கச்சிமடத்திலிருந்து வரும் பிள்ளைக்கு சர்காஸம் என்ற சொல் தெரியாது. கட்டக்கோரையை என்னைவிட நன்றாகத் தெரியும். அங்கிருந்து தொடங்கினால் அல்ஜினேட் வரை நடந்து வந்துவிடுவார்கள்.

இப்போது கௌரவ விரிவுரையாளராக இருக்கும் கல்லூரியில் இந்த மாத இறுதியோடு என் பணிக்காலம் முடிகிறது. ஜூலை முதல் வாரத்தில் எப்போது அழைத்தாலும் சேர முடியும். மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்ட வேண்டுமென்று குழு கருதினால், இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் போதும். மூலச் சான்றிதழ்களில் முனைவர் பட்டத் தற்காலிகச் சான்றின் நகல் மட்டும் அன்று விடுபட்டது. அதையும் மூன்றாவது கோப்பாகச் சேர்த்துள்ளேன்.

நன்றியுடன்,
செ. மலர்விழி
கௌரவ விரிவுரையாளர், தாவரவியல்

இணைப்பு:
ஆய்வுக் குறிப்பு (திருத்தியது)
கற்பித்தல் திட்டம் – பாசியியல், முதலாம் ஆண்டு
முனைவர் பட்டத் தற்காலிகச் சான்று, நகல்