காற்பந்திலிருந்து விடைபெறுகிறேன்

அன்பார்ந்த ரசிகர்களுக்கு வணக்கம்.

இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்துடன் நிபுணத்துவக் காற்பந்திலிருந்து ஓய்வுபெற முடிவு செய்துள்ளேன். முழங்கால் இனி ஒரு முழுப் பருவத்தைத் தாங்காது என்று மருத்துவர் சொன்னார். இடப்புறத் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் தம் எதிராளியைத் துரத்திப் பிடிக்க முடியாதபோது இளையவருக்கு வழிவிடுவதே முறை என்பதால், அதை ஏற்றுக்கொள்வது எனக்குக் கடினமாக இல்லை.

2012 டிசம்பரில் தேசிய சேவையில் இருந்த நான், விடுப்பு எடுத்துக்கொண்டு ஜாலான் புசார் அரங்கத்தின் பார்வையாளர் வரிசையில் நின்று, தென்கிழக்காசியக் கிண்ண இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் சிங்கப்பூர் தாய்லாந்தை 3-1 என வென்றதைக் கண்டேன். அன்று தொண்டை கட்டும்வரை கத்தியவர்களில் ஒருவனாக இருந்ததால்தான், பின்னர் அதே திடலில் ஆடியபோது எனக்காகக் கத்துவோருக்கு அது எவ்வளவு உழைப்பு என்பது புரிந்தது.

எங்கள் லீக் ஆட்டங்களுக்குப் பெருங்கூட்டம் வருவதில்லை என்று பலர் வருத்தப்படுகிறார்கள். அந்தச் சிறு கூட்டத்தின் நடுவே ஆடியவன் என்ற முறையில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. வேலை முடிந்து, அலுவலகச் சட்டையைக்கூட மாற்றாமல் லவண்டர் எம்ஆர்டியிலிருந்து நடந்து வந்து, மின்னல் எச்சரிக்கையால் ஆட்டம் நிறுத்தப்பட்ட இரவுகளில் மறுபடி தொடங்கும்வரை வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தவர்கள் நீங்கள். கோல் அடித்தவரைப் பாராட்டுவது எல்லாருக்கும் இயல்பு. கோல் கோட்டிலிருந்து பந்தை உதைத்து வெளியேற்றியவனுக்கும் முரசு தட்டியவர்கள் நீங்கள்தான். இரண்டு பருவங்கள் நான் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர் இருக்கையிலேயே அமர்ந்திருந்தபோதும், உடலைச் சூடாக்க எல்லைக்கோட்டோரம் ஓடும் நேரத்தில் என் பெயரைச் சொல்லி அழைத்தீர்கள். (“தம்பி, சாப்பிட்டியா?” என்று ஆட்டத்தின் நடுவே கேட்ட அந்த அண்ணனுக்குத் தனி வணக்கம்.)

தேசிய அணிக்காக ஆடும் வாய்ப்பு எனக்கு அமையவில்லை. ஆயினும் 2025 நவம்பரில் ஹாங்காங்கை 2-1 என வீழ்த்தி, 2027 ஆசியக் கிண்ணத்துக்கு நம் அணி தகுதிபெற்ற இரவில், அவர்களில் சிலருடன் ஒரே திடலில் மோதியவன் என்ற பெருமையோடு தொலைக்காட்சி முன் துள்ளிக் குதித்தேன்.

என் பயிற்றுவிப்பாளர்களுக்கும், சக ஆட்டக்காரர்களுக்கும், செயற்கைப் புல்லில் நான் உராய்த்துக்கொண்ட காயங்களுக்கு மருந்திட்ட உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்களுக்கும், பந்தோடு திரிந்தால் படிப்பு என்னாகும் என்று கவலைப்பட்டபடியே காலணி வாங்கித் தந்த என் பெற்றோருக்கும் நன்றி. அடுத்த ஆண்டு முதல் சிறுவர்களுக்குப் பயிற்சி அளிக்கவிருக்கிறேன். அதற்கான சான்றிதழ் வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

வரும் சனிக்கிழமை ஜாலான் புசாரில் கடைசியாக இந்தச் சீருடையை அணிகிறேன். ஆட்டம் முடிந்ததும் பிரதானப் பார்வையாளர் மேடையின் முன் நிற்பேன். அவசரமில்லாதவர்கள் வந்து கைகுலுக்கிவிட்டுப் போங்கள்.